தோளில் கிடக்கும் கையை எடுப்பது: நான்கு வழிகள், ஒரு கட்டம் போட்ட சட்டை

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு மாதம் நாலு தடவையாவது இந்த வேலை வரும். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிடுவார், பதினாறாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும், தேடிப் பார்த்தால் அவர் தனியாக நின்ற படம் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் கல்யாண வீட்டில் கூட்டமாக எடுத்தது, அதில் முகம் நன்றாக வந்த ஒரே படத்தில் யாராவது தோளில் கையைப் போட்டிருப்பார்கள். "அண்ணாச்சி, அப்பா தோள்ல கெடக்க கைய மட்டும் எடுத்துருங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மகன் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். கை யாருடையது என்று நான் கேட்பதில்லை, கேட்டால் அது வேறு கதையாகிவிடும்.

கையை எடுப்பது ஒரு வேலையே இல்லை. கைக்கு அடியில் இருந்த தோளும் சட்டையும் படத்தில் எங்குமே கிடையாது, அதை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த வழி நான்கு. கம்ப்யூட்டரையே நிரப்பச் சொல்வது, குளோன் ஸ்டாம்ப் வைத்துக் கையால் இழைப்பது, மறுபக்கத் தோளைத் திருப்பி ஒட்டுவது, வேறு படத்திலிருந்து சட்டையை எடுத்துப் போடுவது. கடையில் ஓடுவது பழைய போட்டோஷாப் CS6, அதில் முடிகிற வழிகளை மட்டும்தான் சொல்கிறேன்.

போன மாதம் வந்த படத்தையே வைத்துப் பார்ப்போம். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம், இரவு வீடியோ லைட்டில் எடுத்தது. பெரியவர் நீலக் கட்டம் போட்ட சட்டை. படத்தின் இடது பக்கம் நண்பர், அவர் கை பெரியவரின் பிடரிக்குப் பின்னால் போய், வலது பக்கத் தோளில் உள்ளங்கை விழுந்து, விரல்கள் நெஞ்சுப் பக்கம் தொங்குகின்றன. அதாவது ஒரு தோளில் காலர் பக்கம் மறைந்திருக்கிறது. மறுதோளில் நண்பரின் நெஞ்சு இடித்துக்கொண்டு நிற்பதால் தோள் முனையும் அரைக்கையும் மறைந்திருக்கின்றன. பின்னணியை எப்படியும் வெட்டிவிட்டு வெளிர்நீலம் போடப் போகிறோம், பிடரிக்குப் பின்னால் தெரிந்த கை அதோடு போய்விடும். முதலில் வாட்ஸப்பில் வந்த படம் நீளப் பக்கம் 1600 பிக்சல்தான் இருந்தது, கட்டமெல்லாம் கரைந்து கிடந்தது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்ன பிறகு ஒரிஜினல் 4000 பிக்சலில் வந்தது. அதில் நெஞ்சுவரை வெட்டினால் 1200க்கு 1800. 12க்கு 18 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 100 பிக்சல், சுவரில் உயரத்தில் மாட்டுவதற்குப் போதும்.

முதல் வழி சீக்கிரம் முடிந்துவிடும், சொல்லவும் அதிகம் இல்லை. கையைச் சுற்றி செலக்ட் பண்ணி Shift+F5 அழுத்தி Content-Aware கொடுத்தால் சுற்றியிருப்பதைப் பார்த்துத் தானே நிரப்பும். வெள்ளைச் சட்டை, விரல் மட்டும் எட்டிப் பார்க்கிறது என்றால் பாதி வேலையை ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடும். கட்டம் போட்ட சட்டையில் கொடுத்தேன், தோள் இருக்க வேண்டிய இடத்தில் காலரின் இன்னொரு நுனியையும் நண்பரின் சட்டையில் ஒரு துண்டையும் கொண்டுவந்து வைத்தது. படம் முழுக்க எங்கிருந்து வேண்டுமானாலும் அது எடுக்கும், இங்கிருந்து மட்டும் எடு என்று CS6இல் சொல்ல இடமில்லை. அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: பெரியவரின் சட்டையை மட்டும் தனி லேயரில் வெட்டி வைத்துக்கொண்டு அங்கே நிரப்பினால் சட்டைத் துணியைத் தவிர வேறு எதையும் எடுக்க முடியாது. அப்படியும் செய்தேன், துணி சரியாக வந்தது, கட்டம் வளைந்து நெளிந்து ஓடியது.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, எந்த வழியில் போனாலும் மாட்டும். கையை மட்டும் சுற்றி செலக்ட் பண்ணுவார்கள். ஆனால் விரலுக்குக் கீழே துணியில் ஒரு விரல் அகலத்துக்கு நிழல் விழுந்திருக்கும். அதை விட்டுவிட்டால் கை போன பிறகும் சட்டையில் கறை பட்டமாதிரி ஒரு பட்டை நிற்கும். நிழல் முடிந்து துணியின் சொந்த நிறம் தொடங்குகிற இடம்வரை செலக்ஷனை இழுக்க வேண்டும், இந்தப் படத்தில் அது விரல் ஓரத்திலிருந்து 15 பிக்சல் வந்தது.

இரண்டாவது குளோன் ஸ்டாம்ப். கதர்ச் சட்டை, பாலியஸ்டர் வெள்ளை, ஒரே நிறச் சேலை இதற்கெல்லாம் நான் இதைத்தான் எடுப்பேன். Alt அழுத்தி மாதிரி எடுத்து, பிரஷ் ஓரத்தை மென்மையாக வைத்து, அரை மணி நேரத்தில் தோள் வந்துவிடும். ஹீலிங் பிரஷ் இதைவிட சுலபம் என்பார்கள். துணிக்கு நடுவில் சுலபம்தான், தோள் ஓரத்துக்குப் போனால் பின்னணியின் இருட்டைச் சட்டைக்குள் இழுத்து மசமசவென்று ஆக்கிவிடும், ஓரத்தில் அதைத் தொடாதீர்கள். கட்டச் சட்டைக்கு குளோன் ஏன் ஆகாது என்றால், இந்தப் படத்தில் ஒரு கட்டம் சுமார் 14 பிக்சல், மாதிரி எடுக்கும் இடம் 3 பிக்சல் தள்ளினாலே கோடு உடைந்து தெரியும். அதுகூடப் பரவாயில்லை, பொறுமை இருந்தால் சரிபண்ணிவிடலாம். பெரிய வம்பு தையலில் இருக்கிறது. சட்டையில் தோளுக்கு மேல் வரும் பட்டியை, யோக் என்று டெய்லர்கள் சொல்வதை, தனியாக வெட்டித்தான் தைப்பார்கள். முன்பக்கத் துணியில் கோடு மேலிருந்து கீழே ஓடும், பட்டியில் பெரும்பாலும் தோளோடு படுத்து ஓடும், இரண்டும் சேரும் தையல் தோள் உச்சிக்குச் சற்று முன்னால் தெரியும். நெஞ்சுத் துணியை எடுத்துத் தோள்வரை இழைத்துக்கொண்டே போனால் அந்தத் தையல் காணாமல் போகும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் சட்டை போர்வைமாதிரி இருக்கிறது என்று தோன்றும்.

அதனால் மூன்றாவது வழிக்குப் போனேன். இந்தப் படத்தில் அதிர்ஷ்டம் என்னவென்றால், ஒரு தோளில் இல்லாதது மறுதோளில் இருந்தது. இடது பக்கம் காலரிலிருந்து முக்கால் தோள்வரை பட்டித் தையலோடு சுத்தமாகத் தெரிகிறது, வலது பக்கம் தோள் முனையும் அரைக்கையும் தெரிகின்றன. இடதில் உள்ளதை செலக்ட் பண்ணி Ctrl+J போட்டுத் தனி லேயராக்கி, Ctrl+T அழுத்தி ரைட் கிளிக்கில் Flip Horizontal கொடுத்து, உள்ளங்கை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு Warp வைத்துக் கோடுகளை மீதித் துணியின் கோடுகளோடு சேர்த்தேன். முதலில் பட்டித் தையல், அப்புறம் நேர்க்கோடுகள், கடைசியில் ஓரம், இந்த வரிசைதான் எனக்குக் கைவந்தது. அதேபோல வலது அரைக்கையைத் திருப்பி இடதுக்குப் போட்டேன். பட்டன் பட்டியைத் தாண்டி மட்டும் திருப்பக்கூடாது. ஆண்கள் சட்டையில் போட்டிருப்பவரின் இடது பக்கம் மேலே வந்து மூடும், பையும் இடது பக்கம்தான். திருப்பினால் பை வலதுக்குப் போய்விடும், ஊரில் முதலில் கண்டுபிடிப்பது டெய்லராகத்தான் இருப்பார்.

ஒட்டியவுடன் பார்த்தால் பொய் என்று பளிச்சென்று தெரியும். வீடியோ லைட் படத்தின் இடதிலிருந்து அடித்தது, திருப்பிய துண்டில் வெளிச்சம் வலதிலிருந்து அடிக்கிறது. முதலில் Curves இறக்கித் துண்டு முழுவதையும் மங்கலாக்கினேன். பிறகு மேலே 50% சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போட்டு Overlay ஆக்கி, அதில் மெல்லிய பிரஷால் கழுத்துப் பக்கம் கொஞ்சம் வெளுப்பும் வெளி ஓரத்தில் கருப்பும் தடவினேன். ஒரேயடியாகத் தடவாமல் பத்துப் பதினைந்து தடவை லேசாகத் தடவுவதுதான் துணிமாதிரி வரும்.

அப்புறமும் ஏதோ இடித்தது. வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது. கை போய்விட்டது, கையின் கனம் போகவில்லை. தோளில் ஒரு கை அழுத்தும்போது காலர் அந்தப் பக்கம் இழுபடும், பட்டன் பட்டி சாயும், நெஞ்சுச் சுருக்கமெல்லாம் அந்த உள்ளங்கையை நோக்கி ஓடும். கையை எடுத்த பிறகு அந்தச் சுருக்கங்கள் ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நீளச் சுருக்கங்களை அழித்துவிட்டு, ஒன்றை மட்டும் சட்டைக்கை சேரும் தையல்வரை நீட்டி அங்கே முடித்தேன். காலரை Liquify வைத்து ஒரு கட்ட அகலம் கழுத்துப் பக்கம் தள்ளினேன். நான்கு வழிகளில் எதிலும் இது தானாக நடக்காது.

நான்காவது வழியைச் சொல்லவில்லையே. உண்மையில் நல்லது அதுதான், கிடைத்தால். அதே கல்யாணத்தில் அதே சட்டையோடு அவர் நிற்கும் இன்னொரு படம் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், தோளை அங்கிருந்து எடுங்கள். அது அவருடைய சொந்தத் தோள், அதே லைட். படம் இல்லாவிட்டால் அந்தச் சட்டையை வாங்கி, அதே உடல்வாகுள்ள ஒருவருக்குப் போட்டு, அதே பக்கம் லைட் வைத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த துணி பழைய படத்தைவிடக் கூர்மையாக இருக்கும், லேசாக பிளர் கொடுத்து, Add Noise போட்டு, 200 சதவீதத்தில் பெரிதாக்கி, இரண்டின் மணல்போன்ற புள்ளிகளும் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இறந்தவர் சட்டையைப் போட்டுக்கொள்ள எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். இந்த வீட்டில் அந்தக் கேள்வியே வரவில்லை. "அந்தச் சட்டயத்தான் பாபநாசத்துல ஆத்துல விட்டாச்சே அண்ணாச்சி" என்றான் மகன்.

ரெடிமேடாகக் கிடைக்கும் கோட்டு, சட்டை PSDகளில் தலையை வெட்டி வைப்பதை நான் ஐந்தாவது வழியாகக்கூட எண்ணவில்லை. பாஸ்போர்ட் படத்துக்குச் சரி. வாழ்நாள் முழுக்கக் கட்டம் போட்ட சட்டையில் திரிந்தவரைக் கோட்டு சூட்டில் மாட்டிவைத்தால் பேரன் யாரென்று கேட்பான்.

மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது, குளோனில் வீணாக்கிய நாற்பது நிமிடத்தையும் சேர்த்து. பெரிதாகப் போடுமுன் 4க்கு 6இல் ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தனுப்பினேன், எப்போதும் அப்படித்தான். மகனுக்குத் திருப்தி. சாயங்காலம் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அந்த அம்மா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மொகம் சரிதான் தம்பி. தோளு இப்படி நேரா இருக்காது அவுகளுக்கு. மூட்ட தூக்கித் தூக்கி எடதுபக்கம் எறங்கித்தான் இருக்கும்" என்றார்.

திருப்பி ஒட்டினால் இரண்டு தோளும் தராசுத் தட்டுமாதிரி ஆகிவிடும், எனக்குத் தெரிந்ததுதான், கோடுகளைச் சேர்க்கிற மும்முரத்தில் மறந்திருந்தேன். ஒரிஜினலைத் திறந்து பார்த்தால் வலது முனை, அதாவது அவருடைய இடது தோள், உண்மையிலேயே இறங்கித்தான் இருந்தது. நான்தான் கட்டம் சேரட்டும் என்று அதை மேலே தூக்கியிருக்கிறேன். லேயரை எடுத்து, காலர் பக்கத்தை அசைக்காமல் வெளி முனையை மட்டும் 22 பிக்சல் இறக்கினேன். கட்டம் ஒரு இடத்தில் அரைக்கோடு விலகியது, அப்படியே விட்டுவிட்டேன். அந்த அம்மா திரையைப் பார்த்து, "ம், இப்ப அவுகதான்" என்றார். அடுத்த நாள் காலையில் ஃப்ரேம் போட்டுக் கொடுத்தோம்.