கம்பி லிவர், மின் கியர்: கார் வாஷில் யாருடைய நியூட்ரல் நிற்கிறது?

பனிக்காலம் முடியும்போது நியூ ஜெர்சியில் காரின் அடியெல்லாம் உப்பு பூத்துக் கிடக்கும். அதைக் கழுவ நீண்ட சுரங்கம் போன்ற கார் வாஷுக்குத்தான் போக வேண்டும். தரையில் ஓடும் சங்கிலியிலிருந்து ஓர் உருளை எழுந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் வந்து தள்ள, கார் தானாக நகரும். ஓட்டுநரிடம் கேட்பது மூன்றே: நியூட்ரலில் போடு, பிரேக்கிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கைத் தொடாதே.

கம்பி லிவர் உள்ள பழைய கொரோலாவில் இதெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்லை. போன மார்ச்சில் ஒரு வாடகைக் காரோடு போனேன். கியருக்கு லிவர் இல்லை, ஒரு வட்டத் திருகுதான். N-இல் வைத்தேன், உருளை பிடித்தது. அப்போதுதான் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கவில்லை என்று நினைவு வந்தது. பெல்ட்டைக் கழற்றி, கதவை ஒரு கை அகலம் திறந்தேன். டக்கென்று ஒரு சத்தம், கார் தூக்கிப் போட்டது. திரையில் P, அதாவது பார்க். பூட்டிக்கொண்ட சக்கரத்தை உருளை தள்ளிப் பார்த்து, முடியாமல் அதன்மேல் ஏறித் தாண்டிப் போய்விட்டது. வாசலில் நின்ற பையன் ஓடிவந்து சங்கிலியை நிறுத்தினான். பின்னால் வந்தவர் ஹார்னை அழுத்தியபடியே இருந்தார். நியாயம்தான்.

கார் செய்தது தவறில்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது. ஏன் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் போனபோதுதான் கம்பி லிவர், மின் கியர் என்ற இரண்டு வகைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் புரிந்தது.

கம்பி லிவரில் கைக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஓர் இரும்புக் கேபிள் இருக்கிறது. லிவரை N-க்குத் தள்ளினால் அந்தக் கேபிள் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ஒரு கையை இழுக்கும். உள்ளே பள்ளம் பள்ளமாக வெட்டிய ஒரு தகடும், அதன்மேல் உட்காரும் ஸ்பிரிங் உருளையும் இருக்கின்றன. உருளை N பள்ளத்தில் விழுந்தால் அங்கேயே கிடக்கும். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும், பேட்டரி இருந்தாலும் செத்தாலும், கதவு திறந்தாலும் மூடினாலும் அதற்குக் கவலையில்லை. வேறு ஒரு கை வந்து தள்ளும்வரை அது N-தான். சாவியை முழுக்கத் திருப்பி எடுக்க மட்டும் விடாது, அதற்கு P-க்குப் போக வேண்டும்.

மின் கியரில் அந்தக் கேபிள் இல்லை. கையில் இருப்பது திருகோ பட்டனோ குட்டி லிவரோ, எல்லாம் ஒரு சுவிட்ச்தான். 'N வேண்டும்' என்று மனு போடுகிறோம். கணினி வேகம், பிரேக், பெல்ட், கதவு எல்லாவற்றையும் பார்த்து உத்தரவிடும். பெட்டியருகே உள்ள மோட்டாரோ வால்வோ அதை நிறைவேற்றும். அந்த உத்தரவைக் கணினி நினைத்தால் திரும்பப் பெறவும் செய்யும்.

இப்படிச் சந்தேகப்படக் கணினிக்குக் கற்றுக்கொடுத்ததில் 2016-க்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 ஆகியவற்றில் ஒரு லிவர் இருந்தது. எந்தப் பக்கம் தள்ளினாலும் விட்டவுடன் நடுவுக்கே வந்து நிற்கும். பார்த்தால் பழைய லிவர் மாதிரி, ஆனால் எந்த கியரில் இருக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. P-இல் போட்டதாக நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. அந்த ஏப்ரலில் உலகம் முழுக்க சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஜூனில் நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில் உருண்டுவந்த சொந்த கிராண்ட் செரோக்கியில் சிக்கி இறந்தார். திரும்ப அழைத்த வண்டிகளில் செய்த திருத்தம், ஓட்டுநர் இறங்க முற்பட்டால் வண்டி தானே P-க்குப் போகும்படியான மென்பொருள். கார் வாஷில் என் கதவைப் பார்த்து P போட்டதும் அதே எண்ணம்தான்.

'கம்பிதான் நம்பகம்' என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. கேபிளின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அது தேய்ந்து உதிர்ந்தால், லிவர் P காட்டும், பெட்டி வேறெங்கோ இருக்கும். 2022 ஜூனில் ஃபோர்டு இந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காகச் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. லிவர் வழக்கத்துக்கு மாறாக லொடலொடவென்று ஆடினாலோ, திரையில் வரும் எழுத்தும் லிவரின் நிலையும் பொருந்தாமல் போனாலோ, ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கக் கூடாது.

மின் கியர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே எல்லாம் ஒன்றல்ல. பிஎம்டபிள்யூ முதல் பல வண்டிகளில் வரும், இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். P-இல் வண்டி உருளாமல் பிடிக்கும் பார்க் கொக்கியை ஒரு ஸ்பிரிங் எப்போதும் பூட்டவே பார்க்கும். எண்ணெய் அழுத்தம் அதை விலக்குகிறது, ஒரு மின்காந்தம் விலகிய நிலையில் பிடித்து வைக்கிறது. எஞ்சின் நின்றால் அழுத்தம் போய்விடும், மின்காந்தம் மட்டும் பேட்டரியைக் குடித்தபடி தாங்கும். மின்சாரமும் போனால் ஸ்பிரிங் ஜெயித்துவிடும், வண்டி பூட்டிக்கொள்ளும். ஆக இந்தப் பெட்டிக்கு இயல்பான நிலை P. அதை N-இல் வைத்திருப்பது சாய்ந்த கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிற்பது போலத்தான். அதனால்தான் பிஎம்டபிள்யூவில் நியூட்ரலுக்குக் கெடு உண்டு: மாடலைப் பொறுத்துக் கால் மணியோ அரை மணியோ, பிறகு தானே P. கார் வாஷுக்கு இது தாராளம். ஆனால் வரிசை முக்கியம். எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்து N போட்டு, அதன் பிறகுதான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி எஞ்சினை நிறுத்த வேண்டும். முதலில் எஞ்சினை நிறுத்தினால் P விழுந்துவிடும். N-இல் நிற்கும் வண்டியை வெளியிலிருந்து பூட்டவும் முடியாது.

மின்சாரக் காரில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே நியூட்ரல் என்று ஒரு கியரே இல்லை. பெரும்பாலான வண்டிகளில் மோட்டார் சக்கரத்தோடு பற்சக்கரத்தால் எப்போதும் பிணைந்தே இருக்கிறது. N என்றால், கொக்கி விலகியிருக்கிறது, மோட்டாருக்கு இழுக்கச் சொல்லி உத்தரவு போகவில்லை, அவ்வளவுதான். சக்கரம் உருண்டால் மோட்டாரும் கூடவே சுற்றும். கார் வாஷின் ஆமை வேகத்தில் பாதகமில்லை. ஆனால் N-இல் கிடக்கிறதே என்று மோட்டார் பிணைந்த சக்கரத்தைத் தரையில் விட்டுக் கட்டி இழுத்துச் செல்ல ஒத்துக்கொண்டால் செலவு பெரிதாகிவிடும்.

ஹூண்டாய் ஐயானிக் 5-இல் கியர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டு. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் கிரெட்டா எலெக்ட்ரிக்கிலும் இதே பாணிதான். கையேட்டில் இருக்கும் வழி ஐயானிக்குக்கு இப்படி: வண்டி ஆனில் இருக்கும்போது, நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் ஆட்டோ ஹோல்டை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி N-க்குத் திருக வேண்டும். அணைத்த பிறகும் N-இல் நிற்க வேண்டுமானால் OK பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லி திரையில் ஒரு வரி வரும். ஸ்டியரிங்கிலுள்ள OK பட்டனை ஒரு நொடிக்கு மேல் அழுத்தினால், N-இலேயே நிற்கும் என்ற உறுதி வரும். அதைக் கண்ட பிறகே பிரேக்கை மிதித்தபடி வண்டியை அணைக்க வேண்டும். இந்தப் படிகளெல்லாம் காரை விட்டு இறங்கி, கழுவுகிறவர்களிடம் ஒப்படைக்கிற இடங்களுக்குத்தான். உள்ளேயே உட்கார்ந்து போகும் சுரங்கமென்றால் வண்டியை ஆனிலேயே விட்டு, N போட்டு, பெல்ட்டையும் கதவையும் தொடாமல் இருந்தால் போதும்.

டெஸ்லா வேறு வழியில் போனது. லிவரைக் கொண்டு தந்திரம் செய்யாமல், திரையில் Controls > Service > Car Wash Mode என்று ஒரு பட்டன் வைத்துவிட்டார்கள். அதை அழுத்தினால் ஜன்னல்கள் மூடும், சார்ஜிங் மூடி பூட்டிக்கொள்ளும், வைப்பர் அணையும், பார்க்கிங் உணரிகளின் கீச்சொலி அடங்கும். பிறகு பிரேக்கை மிதித்து Enable Free Roll தொட்டால் N விழும், இருக்கையிலிருந்து எழுந்தாலும் P போடாது. மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் இந்த நிலை தானே கலைந்துவிடும். மெனுவுக்குள் மூன்று படி இறங்க வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையில் நின்று விரலால் தேடும்போது வாசலில் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டே இருப்பான். ஆனால் மறக்கக்கூடிய வைப்பரையும் ஜன்னலையும் அதுவே பார்த்துக்கொள்வது மற்ற இரண்டிலும் இல்லாத சௌகரியம்.

டொயோட்டா ப்ரியஸ் ஓட்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல் தெரிந்திருக்கும். குட்டி லிவரை N பக்கம் தட்டிவிட்டு விட்டால் N விழாது, அரை நொடி அங்கேயே பிடிக்க வேண்டும். தண்டு வைத்த பழைய டெஸ்லா மாடல் 3-இலும் ஒரு நொடிக்கு மேல் பிடித்தால்தான் N. போகிற போக்கில் கை பட்டு நியூட்ரல் விழக்கூடாது என்பது நோக்கம். அவசரக் கைக்கு அது புரியாது. திரையில் N எழுத்தைப் பார்த்த பிறகே காலை எடுப்பது, இதற்கு இருக்கும் ஒரே மருந்து.

N விழுந்த பிறகும் வண்டி நகர மறுத்தால் பெரும்பாலும் குற்றவாளி கியர் அல்ல, ஆட்டோ ஹோல்டு. சிக்னலில் நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் அதே வசதி, உருளை வந்து தள்ளும்போதும் விடாமல் பிடித்திருக்கும். இரண்டையும் பிரித்தறியத் திரையில் எழுத்தைப் பாருங்கள்: P என்றிருந்தால் கியர், N என்றிருந்து பக்கத்தில் பச்சையில் ஆட்டோ ஹோல்டு எரிந்தால் பிரேக். எதுவானாலும் உள்ளே சிக்கிக்கொண்டால் இறங்க முயலாமல் ஹார்னை அழுத்துவதே சரி. சங்கிலியை நிறுத்தும் பட்டன் வாசலில் நிற்பவர் கையில் இருக்கிறது.

சுரங்கத்துக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் முதலிடம் கொரோலாவின் கம்பிக்குத்தான். பேட்டரி செத்தாலும் லிவருக்குப் பக்கத்திலுள்ள சின்ன மூடியைத் திறந்து சாவியால் அழுத்தினால் P-இலிருந்து விடுபடும். மின் கியரில் 12 வோல்ட் பேட்டரிக்கு முதலில் உயிர் கொடுக்க வேண்டும், அல்லது கையேட்டில் மறைந்திருக்கும் அவசர நெம்புகோலைத் தேட வேண்டும். அடுத்த இடத்தை ஐயானிக்குக்குத் தருவேன், வண்டி என்ன செய்யப்போகிறது என்பதை எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்வதால். டெஸ்லா அதற்கு ஒரு விரல்கடை பின்னால். பிஎம்டபிள்யூ நான்காவது போனதற்குக் காரணம் அந்த வரிசைதான், சொல்லிக்கொடுக்காமல் யாருக்கும் தோன்றாது. வீட்டுச் சரிவில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் நிறுத்துவதற்கு மார்க் போடச் சொன்னால் பட்டியல் தலைகீழாகிவிடும். கொரோலா கடைசிக்குப் போகும். நான் N-இல் விட்டுவிட்டு இறங்கினாலும் அது ஒரு வார்த்தை கேட்காது.

புதுக் கார் பார்க்கப் போகும்போது விற்பனையாளரிடம் நான் இப்போது கேட்பது இதைத்தான்: வண்டியை N-இல் போட்டுக் கதவைத் திறந்து காட்டுங்கள், பிறகு அணைத்தும் N-இல் நிற்க வைத்துக் காட்டுங்கள். போன வாரம் கேட்ட ஒருவர் பத்து நிமிடம் மெனுவைத் துழாவிவிட்டு, கடைசியில் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டார்.