ஒரே குறைக்கு மூன்று இடத்தில் மதிப்பெண் போனால்: ரூப்ரிக்கைத் திருத்தும் வழிகள், ஓர் ஒப்பீடு

முதலாண்டு வகுப்புக்கு நான் கொடுத்திருந்த தலைப்பு: தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் வந்த ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கான தடை பயன் தந்ததா? கட்டுரை திருத்திக் கொடுத்த மறுநாள் ஒரு மாணவி தாளோடு வந்தார். "சார், ஆதாரம் இல்லைன்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்க. தப்பு ஒண்ணுதானே?"

தாளை வாங்கி, ஒவ்வோர் அம்சத்துக்கும் தனிக் கட்டத்தில் மதிப்பெண் போடும் அட்டவணையான என் ரூப்ரிக்கைப் பார்த்தேன். 'உள்ளடக்க ஆழம்' என்ற கட்டத்தில் "ஆதாரமின்றி மேலோட்டமாக உள்ளது" என்று எழுதி 4க்கு 2. 'வாதத்தின் வலு' கட்டத்தில் "கூற்றுக்குச் சான்று இல்லை", 2. 'ஆதாரப் பயன்பாடு' கட்டத்தில் "மேற்கோளோ தரவோ இல்லை", 1. மூன்றும் என் கையெழுத்துதான். ஒழுங்கமைப்புக்கும் மொழிநடைக்கும் முழு 4. மொத்தம் 20க்கு 13.

அதே கட்டில் இன்னொரு தாள். ஆதாரங்கள் நிறைய. ஆனால் பத்திகள் முன்பின்னாகக் கிடந்தன, ஒற்றுப்பிழையும் எழுத்துப்பிழையும் தாராளம். ஒழுங்கமைப்பில் 1, மொழிநடையில் 2, மற்ற மூன்றிலும் 4. மொத்தம் 15. ஒரே ஒரு குறையுள்ள தாள் 7 மதிப்பெண் இழந்திருக்கிறது, இரண்டு தனித்தனிக் குறைகளுள்ள தாள் 5தான் இழந்திருக்கிறது. ஆதாரத்துக்கு நான் ஒதுக்க நினைத்தது 20இல் 4. ஆனால் மூன்று கட்டங்களின் வரையறையிலும் ஆதாரம் நுழைந்துவிட்டதால், அது 12 மதிப்பெண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாணவி சொன்னது சரி.

இதைச் சரிசெய்யப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகளை அதே இரண்டு தாள்களில் போட்டுப் பார்த்தேன். 20க்கு மாற்றிய மதிப்பெண்கள்:

| ரூப்ரிக் | முதல் தாள் | இரண்டாம் தாள் |
|---|---|---|
| பழையது | 13 | 15 |
| "இருமுறை கழிக்காதீர்" என்ற விதியுடன் | 17 அல்லது 18 | 15 |
| மூன்றையும் இணைத்து, 12 மதிப்பெண் | 14 | 15 |
| மூன்றையும் இணைத்து, 4 மதிப்பெண் | 16.7 | 11.7 |
| எல்லை மாற்றி எழுதியது | 17 | 15 |
| எல்லை மாற்றி, ஆதாரத்துக்கு இரட்டிப்பு எடை | 15 | 15.8 |

முதல் வழி, ரூப்ரிக்கைத் தொடாமல் திருத்துபவருக்கு ஒரு குறிப்பு சேர்ப்பது. செலவே இல்லாத வழி என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆனால் எந்தக் கட்டத்தில் கழிப்பது என்று குறிப்பு சொல்வதில்லை. ஒருவர் ஆழத்தில் 2 கழித்து 18 போடுவார், இன்னொருவர் ஆதாரத்தில் 3 கழித்து 17 போடுவார், அறுபது தாள் தாண்டிக் களைத்தவர் பழையபடி 13 போட்டுவிடுவார். இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஆழத்துக்கான 4 மதிப்பெண் வரையறையே "ஆதாரங்களுடன் விரிவாக விளக்குகிறது" என்று இருந்தது. ஆதாரம் இல்லாத தாளுக்கு அங்கே 4 போட வேண்டுமென்றால், கண்ணெதிரே இருக்கும் வாசகத்தை மீறித்தான் போட வேண்டும். விதியும் வரையறையும் மோதினால் திருத்துபவர் வரையறை பக்கம்தான் சாய்வார், அதுதான் கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது.

இரண்டாவது, இணைப்பது. ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் மூன்றையும் 'வாதமும் ஆதாரமும்' என்று ஒரே கட்டமாக்கிவிடலாம். இங்கே பலரும் கவனிக்காத இடம், மதிப்பெண் எடை. பழைய 12ஐ அப்படியே வைத்துக்கொண்டு முதல் தாளுக்குப் பாதி போட்டால் 6 போய்விடுகிறது. மொத்தம் 14. மும்முறை கழித்தது ஒருமுறைக்குள் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். எடையை 4 ஆக்கினால் நிலைமை மறுபக்கம் சாய்கிறது. ஒழுங்கமைப்பும் மொழிநடையும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்காகிவிட, இரண்டாம் தாள் 11.7க்கு விழுகிறது. அதோடு, ஆதாரமே தராதவரும், நல்ல ஆதாரம் தந்து தவறான முடிவுக்கு வந்தவரும் அந்த ஒற்றைக் கட்டத்தில் ஒரே 2 வாங்குவார்கள். இருவரும் கற்க வேண்டியது வெவ்வேறு.

கட்டங்களையே எடுத்துவிட்டு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவதும் ஒரு வழிதான். எந்தக் குறை எவ்வளவு இழுத்தது என்று பிறகு யாராலும் பார்க்க முடியாது என்பதால் அதை நான் மேலே சேர்க்கவில்லை. அந்த மாணவி தாளோடு வந்து கேட்க முடிந்ததே கட்டங்கள் இருந்ததால்தான்.

நான் தேர்ந்தெடுத்தது எல்லையை மாற்றி எழுதுவது. ஒவ்வொரு கட்டமும் தாளில் வேறொரு பொருளைப் பார்க்க வேண்டும். 'உள்ளடக்க ஆழம்' இருந்த இடத்தில் 'கூற்று' வந்தது: கேள்விக்கு நேரான நிலைப்பாடு இருக்கிறதா, அது எதுவரை பொருந்தும் என்று சொல்லப்பட்டிருக்கிறதா. 'ஆதாரம்': ஒவ்வொரு கூற்றுக்கும் சரிபார்க்கக்கூடிய ஒன்று தரப்பட்டிருக்கிறதா. 'வாதத்தின் வலு' இருந்த இடத்தில் 'தருக்கம்': சொன்ன தகவலெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டால், முடிவு அதிலிருந்து வருகிறதா.

கடைசி வரி கணக்குத் தாள் திருத்துபவர்களுக்குப் பழகியதுதான். முதல் படியில் கூட்டலில் தவறிய மாணவர், அந்தத் தவறான எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த படிகளைச் சரியாகச் செய்திருந்தால், அந்தப் படிகளுக்கு உரிய மதிப்பெண் தரும் முறை உண்டு. தவறு பிறந்த இடத்தில் ஒருமுறை கழித்தால் போதும்.

ஒவ்வொரு கட்டத்தின் கீழும் 'இங்கே பார்க்க வேண்டாதது' என்று ஒரு வரியும் சேர்த்தேன். தருக்கத்தின் கீழ்: "ஆதாரம் போதாமை இங்கே கணக்கில் வராது." நடைமுறையில் அதிகம் உதவியது இந்த வரிதான். முதல் தாள் இப்போது 4, 1, 4, 4, 4, அதாவது 17. ஆதாரம்தான் எனக்கு முக்கியம் என்றால் அந்தக் கட்டத்துக்கு வெளிப்படையாக 8 கொடுக்கலாம். அப்போது இரண்டாம் தாள் மறுபடி சற்று முன்னே போகிறது. அதில் தவறில்லை, கட்டுரை எழுதும் முன்பே மாணவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

உங்கள் ரூப்ரிக்கில் கட்டங்கள் மோதுகின்றனவா என்று பார்க்க, இரண்டு கட்டங்களின் மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் கணக்கிட்டால் போதாது. நன்றாக எழுதுபவர் பெரும்பாலும் இரண்டிலும் நன்றாகவே செய்வார். திருத்துபவரின் பொது அபிப்பிராயமும் எல்லாக் கட்டங்களிலும் கசியும். ராணுவ வீரர்களுக்கு அவர்களின் அதிகாரிகள் போட்ட மதிப்பீடுகளை வைத்து உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920லேயே இதை எழுதிவிட்டார். அதற்குப் பதிலாக, ஒரு கட்டத்தில் 4உம் மற்றதில் 1உம் வாங்கக்கூடிய ஒரு பத்தியை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டையும் இடம் மாற்றி இன்னொன்று எழுதுங்கள். பழைய வரையறைப்படி ஆழத்தில் 4, ஆதாரத்தில் 1 வாங்கும் பத்தியை என்னால் எழுதவே முடியவில்லை. அப்படி முடியாத ஜோடியை இணைக்கலாம், அல்லது ஒன்றை மாற்றி எழுதலாம். இன்னொரு சோதனையும் உண்டு: பழைய தாள்களில் நீங்கள் எழுதிய குறிப்புகளை மட்டும் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, எது எந்தக் கட்டத்துக்குரியது என்று சக ஆசிரியரைப் பிரிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் சீட்டுகளில்தான் எல்லை அழிந்திருக்கிறது.

எல்லை மாற்றியும் தீராத ஒன்று இருக்கிறது. ஆதாரம் மட்டுமல்ல, காரணமே எதுவும் சொல்லாமல் நிலைப்பாட்டை மட்டும் மூன்று பத்திகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் தாள். அதில் தருக்கத்தை மதிப்பிடப் பொருளே இல்லை. அங்கே தருக்கத்துக்கும் 1தான் போடுகிறேன், ஆதாரக் கட்டத்தோடு சேர்த்து இரண்டு இடத்தில் மதிப்பெண் போகிறது. ஆனால் இப்போது "முடிவுக்குக் கொண்டுசெல்லும் காரணம் ஒன்றுகூட இல்லை" என்று தனியாக எழுதுகிறேன். தரவு இல்லாததும் காரணம் சொல்லாததும் இரண்டு குறைகள் என்பதை அந்த மாணவரிடம் தாளிலேயே காட்ட முடிகிறது.