பற்சக்கரமா, சுழல் ஆடியா: ஒளியின் வேகத்தை எது சரியாகச் சொல்கிறது?

ஒளி போய்த் திரும்பும் நேரத்தை நேரடியாக அளக்க 19ஆம் நூற்றாண்டில் கடிகாரம் ஏதும் இல்லை. அதனால் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஃபிசோவும் ஃபூக்கோவும் அந்த நேரத்துக்குள் வேகமாகச் சுழலும் ஒரு பொருள் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார்கள். அதுவரை இருவர் வழியும் ஒன்றுதான். அந்தக் கோணத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் பிரிகிறார்கள்.

1849இல் ஃபிசோ வைத்த சக்கரத்துக்கு 720 பற்கள். பல்லும் இடைவெளியும் ஒரே அகலம். பாரிஸை ஒட்டிய சுரெனிலிருந்து ஓர் இடைவெளி வழியாகப் போன ஒளி, 8,633 மீட்டர் தள்ளி பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் இருந்த ஆடியில் பட்டுத் திரும்பியது. அது வந்து சேர்வதற்குள் இடைவெளி இருந்த இடத்துக்குப் பக்கத்துப் பல் வந்துவிட்டால் ஒளி மறையும். அதாவது ஒளி 2D தூரம் போய்வரும் நேரத்தில் சக்கரம் சரியாக 1/1440 சுற்று நகர்ந்திருக்கிறது. ஒளியின் வேகம் c, ஆடி வரையிலான தூரம் D, N பற்கள், நொடிக்கு n சுற்று என்றால்:

c = 4NnD

ஒளி மறைந்தது 12.6 சுற்றில். 4 × 720 × 12.6 × 8633 என்று பெருக்கினால் நொடிக்கு சுமார் 3,13,000 கி.மீ. வருகிறது. உண்மை மதிப்பைவிட 4.5 சதவீதம் அதிகம்.

எங்கே தவறியது? கோணத்தில் தவறே இல்லை, பற்களை எண்ணினால் போதும். சிக்கல் முழுவதும் n-இல் இருக்கிறது. இன்று நமக்குத் தெரிந்த c-ஐ வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால் ஒளி முழுமையாக மறைய வேண்டியது 12.06 சுற்றில். 12.6இல் பல் தன் அகலத்தில் 4.5 சதவீதம் கூடுதலாக நகர்ந்திருக்கும், அந்த இடுக்கில் கொஞ்சம் ஒளி கசியும். ஆனால் சக்கரத்தின் பற்களிலிருந்தே சிதறி வரும் வெளிச்சமும் கண்ணில் விழுகிறது. இந்த மங்கலில் ‘இதுதான் முழு இருட்டு’ என்று கண்ணால் தீர்மானிப்பது கடினம்.

இதற்கு இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளரான கோர்னு 1870களில் நல்ல மருந்து கண்டார். பாரிஸ் வானாய்வகத்திலிருந்து ஏறக்குறைய 23 கி.மீ. தூரம் எடுத்துக்கொண்டு, சக்கரத்தை மேலும் மேலும் வேகமாக ஓட்டினார். முதல் மறைவில் ஒரு பல்லகலம் நகரும், பத்தாவது மறைவில் 19 பல்லகலம் நகரும். கண்ணின் தயக்கம் அதே அளவுதான் என்றாலும், அது இப்போது 19 மடங்கு பெரிய நகர்வில் கரைந்துவிடுகிறது. அவருக்குக் கிடைத்தது சுமார் 3,00,400 கி.மீ.

சரி, ஆடிக்கு வருவோம். 1862இல் ஃபூக்கோவின் ஆடி நொடிக்கு 400 முறை சுழன்றது. ஒளி 20 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் ஆடி சற்றே திரும்பியிருக்கும். ஆடி ஒரு கோணம் திரும்பினால் கதிர் அதைப் போல இரண்டு மடங்கு திரும்பும். மாணவர்கள் அதிகம் விட்டுவிடுவது இந்த இரண்டைத்தான். விட்டால் விடை சரிபாதி ஆகிவிடும், அதைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். ஆடியிலிருந்து r தூரத்தில் பிம்பம் s அளவு விலகினால்:

c = 8πnDr / s

நடுவில் நடப்பதைப் பாருங்கள். 40 மீட்டருக்கு ஒளி எடுக்கும் நேரம் 1.33 × 10⁻⁷ நொடி. அதற்குள் ஆடி 0.000335 ரேடியன் திரும்புகிறது, கதிர் 0.00067 ரேடியன். r ஏறக்குறைய 1 மீட்டர் என்பதால் விலகல் 0.7 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. ஃபூக்கோ சொன்ன விடை 2,98,000 கி.மீ.

ஓர் அறைக்குள் கிடைத்த அருமையான விடை அது. ஆனால் 0.7 மி.மீ. என்பது மிகச் சிறியது. ஒரு வாசிப்பில் 0.01 மி.மீ. தவறினாலும் விடை 4,000 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். தூரத்தைக் கூட்டலாமே என்றால், அவருடைய அமைப்பில் பிம்பம் மங்கிப்போகும். 1879இல் அமெரிக்காவின் அன்னாபொலிஸில் இயற்பியலாளர் மைக்கேல்சன் லென்ஸின் இடத்தை மாற்றினார். நீண்ட குவியத் தூரம் கொண்ட லென்ஸைச் சுழல் ஆடிக்கும் தொலைவிலிருந்த தட்டை ஆடிக்கும் நடுவில் வைத்தார். இப்போது கதிர் லென்ஸின் மேல் எங்கே பட்டாலும் திரும்பி வரும். தூரம் 605 மீட்டர், r 8 மீட்டருக்கு மேல், சுழற்சி நொடிக்கு சுமார் 257. விலகல் 100 மில்லிமீட்டரைத் தாண்டியது. அதே 0.01 மி.மீ. தவறு இப்போது 30 கி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. சுழற்சியை இசைக்கவையோடு ஒப்பிட்டு அளந்தார். விடை 2,99,910, இன்றைய மதிப்பான 2,99,792-க்கு மிக அருகில்.

என் ஓட்டு ஆடிக்குத்தான். பற்சக்கரத்தில் குறிப்பிட்ட சில வேகங்களில் மட்டுமே அளவு கிடைக்கிறது, அதையும் கண்ணே தீர்மானிக்கிறது. ஆடியில் எந்த வேகத்திலும் அளக்கலாம். n-ஐ மாற்றி மாற்றி s-ஐக் குறித்து வரைபடம் போட்டால் நேர்க்கோடு வர வேண்டும். வளைந்தால், வேகம் கூடும்போது அமைப்பில் ஏதோ நகர்கிறது அல்லது ஆடி நெளிகிறது என்று உடனே தெரியும். அப்புறம், ஆடியை எதிர்த்திசையிலும் சுழற்றிப் பாருங்கள். இரண்டு பிம்பங்களுக்கும் இடையிலான தூரம் 2s, ஆடி நின்றிருக்கும்போது பிம்பம் எங்கே இருந்தது என்ற கேள்வியே தேவையில்லாமல் போகிறது.