‘போர்டு போய்விட்டது சார்’ என்றால் சப்வூஃபரைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்

கோயம்புத்தூரில் பெயர் பெற்ற ஒரு ஷோரூமில் சவுண்ட்பார் செட் ஒன்று வாங்கினேன். டி.வி.க்குக் கீழே வைக்கும் நீளமான பார், பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள கம்பியில்லாத சப்வூஃபர், பின்னால் வைக்க இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். விலை 24,990 ரூபாய். பொருத்தித் தருவது இலவசம் என்றார்கள். பொருத்த வந்தவர், “பெட்டியில் வருகிற கேபிள் சாதாரணமானது சார், தங்க முலாம் பூசியது போட்டால்தான் பேஸ் நன்றாக இறங்கும்” என்று சொல்லி, 1,899 ரூபாய்க்கு ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளை விற்றுவிட்டுப் போனார்.

பேஸ் இறங்கவே இல்லை. செய்தி வாசிப்பு கணீரென்று கேட்டது. படம் போட்டால் தவில் அடிப்பது தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருந்தது. பின்புற ஸ்பீக்கர்களில் மூச்சே இல்லை. ஷோரூமுக்குத் தொடர்ந்து போன் செய்த பிறகு வேறொருவரை அனுப்பினார்கள். வந்தவர் சப்வூஃபரில் காதை வைத்தார், இரண்டு முறை தட்டினார், தீர்ப்புச் சொன்னார்: “ஆம்ப்ளிஃபையர் போர்டு போய்விட்டது சார். கரண்ட் ஏறி இறங்கியதால் வந்தது. வாரண்டியில் வராது. 6,500 ரூபாய் ஆகும், நான் எடுத்துக்கொண்டு போகிறேன்.” டி.வி.யின் பின்பக்கத்தை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சப்வூஃபரின் பின்னால் எரியும் விளக்கையும் பார்க்கவில்லை. என் மனைவி, “தம்பி வந்து பார்க்கட்டும், அதுவரை எதையும் கொடுக்க வேண்டாம்” என்று சொன்னதால்தான் அந்தப் பெட்டி வீட்டிலேயே நின்றது.

என் மைத்துனர் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி அமைப்பவர். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மாமா, டி.வி.யை அணைத்துவிடுங்கள்.” தகராறு பாரிலா, சப்வூஃபரிலா, டி.வி.யிலா என்று பிரித்துப் பார்க்க அதுதான் வழி. போனை புளூடூத் மூலம் நேரடியாகப் பாருடன் இணைத்து, பேஸ் தெளிவாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓட்டினார். பேஸ் அப்போதும் வரவில்லை. அப்படியானால் முதல் கோளாறு டி.வி.யிலோ கேபிளிலோ இல்லை. புளூடூத்தில் பேஸ் வந்து, டி.வி.யில் மட்டும் வராமல் இருந்தால்தான் டி.வி. பக்கம் தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. பொருத்த வந்தவரும் செய்யவில்லை, ‘போர்டு’காரரும் செய்யவில்லை.

அடுத்து விளக்கு. எங்கள் சப்வூஃபரின் பின்னால் ஒரு சிறிய விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கையேட்டில் எழுதியிருக்கிறது: விட்டுவிட்டு எரிந்தால் பாரைத் தேடுகிறது, நிலையாக எரிந்தால் இணைந்துவிட்டது. நிறமும் முறையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் இந்த இரண்டு நிலைகளும் பெரும்பாலான செட்களில் உண்டு. விளக்கு தேடிக்கொண்டிருக்கிறது என்றால் மின்சாரப் பகுதியாவது உயிரோடு இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் தனியாகக் கெட்டிருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் இணைப்பே ஏற்படாத சப்வூஃபரை வைத்துக்கொண்டு யாராலும் அதைச் சொல்ல முடியாது.

இணைப்பு இல்லாவிட்டால் ஏன் பேஸ் முழுவதும் மாயமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாருக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் சிறியவை. தாழ்ந்த அதிர்வுகளை அவற்றால் எழுப்ப முடியாது என்பதால், பார் ஒலியைப் பிரித்து, ஏறத்தாழ 150 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பிவிடுகிறது. சப்வூஃபர் கேட்கிறதா இல்லையா என்பது பல பார்களுக்குத் தெரியாது. அனுப்பியது காற்றில் போய்விடும், மிச்சம்தான் நம் காதுக்கு வரும். பேச்சு தெளிவாகவும் தவில் தகரமாகவும் கேட்டதன் காரணம் அதுதான்.

மைத்துனர் பாரை இயக்கிவிட்டு, சப்வூஃபரின் பின்னால் இருந்த சிறிய பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தார். விளக்கு வேகமாகத் துடித்தது, பிறகு நிலையாக நின்றது. போனில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் வைத்தார். சப்வூஃபரின் காற்றுத்துளையில் கையை வைத்தால் காற்று அடித்தது. ‘போன’ போர்டு வேலை செய்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் பாரும் சப்வூஃபரும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு வருபவை. மின்சாரம் கொடுத்தவுடன் தாமாகச் சேர வேண்டும். எங்களுடையது ஏன் சேரவில்லை? சப்வூஃபரைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்த்தோம். எங்கள் அட்டைப்பெட்டியில் பாரின் வரிசை எண்ணும் சப்வூஃபரின் வரிசை எண்ணும் தனித்தனியே அச்சிடப்பட்டிருந்தன. பாரின் எண் பொருந்தியது. சப்வூஃபரின் எண் வேறு. அதன் தயாரிப்பு மாதமும் பாரைவிட வெகு பழையது. காற்றுத்துளைக்குள் தூசி படிந்திருந்தது. கடையில் காட்சிக்கு வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் முழுச் சத்தத்தில் ஓட்டிக் காட்டிய செட்டின் சப்வூஃபரை எங்கள் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. வேறு பாருடன் இணைந்திருந்ததால்தான் அது எங்கள் பாரை அடையாளம் காணவில்லை. ‘போர்டு’காரர் அதை எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஸ்டிக்கர் என்ற சாட்சியும் அதோடு போயிருக்கும். பிரித்துப் பார்த்த பெட்டிக்கு வாரண்டி இல்லை என்று கம்பெனியும் கையை விரித்திருக்கும்.

இனி டி.வி. பக்கம். சப்வூஃபர் பேசத் தொடங்கிய பிறகும் ஓ.டி.டி. படங்களில் பின்புற ஸ்பீக்கர்கள் ஊமையாகவே இருந்தன. டி.வி.யின் பின்னால் பார்த்தால், 1,899 ரூபாய் கேபிள் முதல் எச்.டி.எம்.ஐ. துளையில் சும்மா செருகப்பட்டிருந்தது. ஒலி வந்துகொண்டிருந்ததோ அதன் பக்கத்தில் இருந்த மெல்லிய ஆப்டிகல் கம்பி வழியாக. டி.வி.யிலிருந்து ஒலியை வெளியே எடுக்கும் எச்.டி.எம்.ஐ. துளை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதன்மேல் ARC அல்லது eARC என்று எழுதியிருக்கும். வேறு எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினால் ஒலி வராது. ஒலி வராததைக் கண்ட பொருத்த வந்தவர் துளையை மாற்றாமல் ஆப்டிகலுக்குத் தாவியிருக்கிறார்.

அதோடு நிற்காமல், டி.வி.யின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீட்டை PCM என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். இந்த நிலையில் டி.வி. ஆறு தடங்களில் வரும் ஒலியை இரண்டாகச் சுருக்கி அனுப்புகிறது. பின்புறத்துக்கென்று தனியாக எதுவும் மிஞ்சாது. படத்தில் வெடிப்புக்கும் இடிக்கும் என்றே தனித் தடம் ஒன்று உண்டு. சுருக்கும்போது அது வழக்கமாக அப்படியே கைவிடப்படும். சப்வூஃபர் ஒழுங்காக இணைந்திருந்தாலும் படங்களில் பேஸ் மெலிந்து கேட்க இது ஒரு காரணம். PCM வைத்தால் எந்த மூலத்திலிருந்தும் ஏதோ ஒரு ஒலி வந்துவிடும், வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிடமாட்டார். அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவருக்கு அது வசதிதானே.

மைத்துனர் ஆப்டிகலைப் பிடுங்கினார். பெட்டியோடு வந்த சாதாரண கேபிளின் ஒரு முனையை டி.வி.யின் ARC துளையிலும், மறுமுனையைப் பாரில் HDMI OUT என்று எழுதிய துளையிலும் செருகினார். பாரில் HDMI IN என்றும் ஒன்று இருக்கலாம், அது டி.வி.க்கு அல்ல. பிறகு டி.வி.யும் பாரும் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் CEC வசதியை டி.வி.யில் இயக்கினார். சாம்சங்கில் இதன் பெயர் Anynet+, எல்.ஜி.யில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync. கடைசியாக வெளியீட்டை PCM-இலிருந்து Auto-வுக்கு மாற்றினார். சில டி.வி.களில் இது Pass Through அல்லது Bitstream என்று இருக்கும். படத்தை ஓட்டியதும் பாரின் முகப்பில் Dolby என்று வந்தது, பின்னால் மழை பெய்தது. தங்க முலாம் கேபிளையும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. டிஜிட்டல் கேபிள் சரியில்லையென்றால் ஒலி வெட்டிவெட்டி வரும், அல்லது வரவே வராது. பேஸை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்னும் கேபிள் கிடையாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். செட்டாப் பாக்ஸில் வரும் சேனல்கள் பலவும் இரண்டு தட ஒலிதான். அவற்றில் பின்புற ஸ்பீக்கர்கள் மௌனமாக இருந்தால் அது கோளாறு அல்ல. பாரில் சரவுண்ட் முறையை இயக்கினால்தான் பின்னாலும் ஒலியைப் பரப்பும். ‘கம்பியில்லாதது’ என்று விற்கும் பின்புற ஸ்பீக்கர்களுக்கும் எங்கள் செட்டில் ஒரு சிறு பெட்டியும் அதற்கு ஒரு பிளக் பாயிண்டும் தேவைப்படுகின்றன. வாங்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

எல்லாம் முடிந்தும் சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் கொஞ்சம் குறைவாகவே பட்டது. பின்சுவர் அருகே போய் நின்றால் நெஞ்சில் இடித்தது. இதற்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. எங்கள் கூடத்தின் நீளம் 4.3 மீட்டர். ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ 40 வரும். அதாவது 40 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கிடையே எதிரொலித்து, சுவரோரங்களில் ஓங்கி, நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். சோபா சரியாக அந்த நடுவில் இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு சப்வூஃபரின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தக் குறை தீராது, பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் தட்டுவார். சோபாவை 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினோம். போதுமாக இருந்தது.

ஷோரூம் மேலாளரிடம் ஸ்டிக்கர் படங்களைக் காட்டியபோது, “கம்பெனியிலிருந்து அப்படியே வந்தது சார்” என்றார். தயாரித்த கம்பெனியின் சேவை எண்ணில் நேரடியாகப் புகார் பதிந்தேன். அவர்கள் அனுப்பிய பொறியாளர் சப்வூஃபரின் போர்டில் பழுது இல்லை என்றும், வரிசை எண் பெட்டியோடு பொருந்தவில்லை என்றும் வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தச் சீட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்த பிறகுதான் ஷோரூம் இறங்கி வந்தது. வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்த பெட்டியைக் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பிரியுங்கள், வீடியோ எடுங்கள். பாரிலும் சப்வூஃபரிலும் உள்ள எண்களைப் பெட்டியோடும் பில்லோடும் ஒத்துப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்து, போனிலிருந்து ஒரு பாட்டைக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். ‘பழுது’ என்று எவர் சொன்னாலும் எது பழுது, எப்படிச் சோதித்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களிடம் 6,500 கேட்டவர் எழுதித் தர மறுத்துவிட்டார்.

சப்வூஃபரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். புதியது மின்சாரம் கொடுத்தவுடன் தானாகவே இணைந்துகொண்டது. கேபிளுக்கு வாங்கிய 1,899 ரூபாயைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது என்பதால், அதற்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.