துணி லேபிளில் தொட்டிக்கு அடியில் இருக்கும் கோடு: பல வருட வாஷிங் மெஷின் அனுபவம்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின் பல வருடமாக ஓடுகிறது. இத்தனை நாள் பழகியதில், துணி லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது எது என்று கேட்டால், தொட்டிப் படத்துக்குக் கீழே கோடு இருக்கிறதா என்பதைத்தான் சொல்வேன். எல்லோரும் தொட்டிக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்கிறார்கள், கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

எண் என்பது தண்ணீரின் சூடு. 40 என்றிருந்தால் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அர்த்தம். 40-இல்தான் துவைக்க வேண்டும் என்பதில்லை, பச்சைத் தண்ணீரிலும் தாராளமாகப் போடலாம். சில லேபிளில் எண்ணுக்குப் பதில் புள்ளி இருக்கும்: ஒரு புள்ளி 30, இரண்டு புள்ளி 40. கோடு சொல்வது வேறு. துணியை எவ்வளவு மெதுவாகப் புரட்ட வேண்டும், எவ்வளவு மெதுவாகப் பிழிய வேண்டும் என்பதை அது சொல்கிறது. கோடே இல்லாவிட்டால் சாதாரணத் துவைப்பு. ஒரு கோடு என்றால் மென்மையாக, இரண்டு கோடு என்றால் மிக மென்மையாக. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் அலச வேண்டிய துணி.

போன கோடையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு புது ரேயான் குர்தியைக் கொண்டுவந்து காட்டினார். நீளம் குறைந்து, தையல் ஓரமெல்லாம் இழுத்திருந்தது. “பச்சைத் தண்ணியிலதான் போட்டேன், எப்படிச் சுருங்குச்சு?” என்றார். லேபிளில் தொட்டிக்குள் 30, அடியில் இரண்டு கோடு. அவர் ஓட்டியது காட்டன் புரோகிராம், ஸ்பின் 1200. ரேயான் நனைந்தால் நூல் ஊதி, பலம் நன்றாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் பருத்திச் சட்டையை அடிப்பது போல் டிரம்மில் அடித்து, முழு வேகத்தில் பிழிந்தால் அளவு மாறத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். மெஷினால் தண்ணீரைச் சூடாக்க முடியும், குளிரவைக்க முடியாது. ‘கோல்டு’ என்று வைத்தால் மாடித் தொட்டியிலிருந்து வருவது எதுவோ அதுதான் உள்ளே போகும். ஏப்ரல், மே மாதத்தில் கறுப்புத் தொட்டித் தண்ணீர் மத்தியானம் மூன்று மணிக்குக் கையைச் சுடும். அது 30-ஐத் தாண்டியிருக்கும் என்று அறிய வெப்பமானி வேண்டாம். அதனால் 30 போட்ட துணிகளைக் கோடையில் விடியற்காலையில்தான் ஓட்டுகிறேன்.

சரி, பேனலில் இதை எப்படி வைப்பது? சுருள் போல இருக்கும் குறி ஸ்பின். அதன் பக்கத்தில் உள்ள எண், ஒரு நிமிடத்துக்கு டிரம் சுற்றும் சுற்று. கோடு இல்லாத துணிக்கு 1000-ஓ 1200-ஓ வைக்கிறேன். ஒரு கோடு என்றால் ‘டெலிகேட்’ புரோகிராம், ஸ்பின் 600, டிரம்மில் பாதிதான் துணி. இரண்டு கோடு என்றால் மெஷினில் இருப்பதிலேயே குறைந்த ஸ்பின், துணி இன்னும் குறைவு. புரோகிராமைக் காட்டனில் விட்டு ஸ்பினை மட்டும் குறைத்தால் பாதி வேலைதான் ஆகும். டெலிகேட்டில் டிரம் மெதுவாகச் சுற்றி, நடுநடுவே நின்று ஓடும். துணிக்கு உதவுவது அதுதான். ஹீட்டர் இல்லாத மேல்கதவு மெஷினுக்கும் இதே கோட்டுக் கணக்கு பொருந்தும்.

துவைத்து முடித்த துணியில் ஆழமான, பிரிந்துவராத மடிப்புகள் இருந்தாலோ, தையல் ஓரத்தில் இழைகள் விலகியிருந்தாலோ ஸ்பின் அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் காயப்போடுவது. சதுரத்துக்குள் வட்டம் இருந்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால், டிரையர் கூடாது என்று மட்டும்தான் அர்த்தம். கொடியில் போடலாம். சதுரத்தின் இடது மேல்மூலையில் சாய்வாகக் கோடு போட்டிருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். அந்த அக்காவின் குர்தியில் இதுவும் இருந்தது. நம் மொட்டைமாடி வெயிலில் அடர்நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால், இந்தக் குறி உள்ள துணியை உள்பக்கம் வெளியே திருப்பி வராந்தாவில் போடுவேன். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் உள்ள புள்ளிகளுக்கு விளக்கமே வேண்டாம், பெரும்பாலான பெட்டிகளின் திருகில் அதே புள்ளிகள் இருக்கின்றன.

லேபிள் அச்சு சில துவைப்புகளிலேயே மங்கிவிடுகிறது. புதுத் துணி வந்ததும் துணியும் லேபிளும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். லேபிள் குத்துகிறது என்று வீட்டில் யாராவது வெட்டி எறிந்தாலும், மெஷினில் போடும்போது அந்தப் படத்தைப் பார்த்து புரோகிராமை வைக்க முடிகிறது.