கட்டுரைப் போட்டிக்கு gzip: இரண்டு வருஷத்துக்குப் பிறகு

பள்ளியில் வாத்தியாராக இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "கட்டுரையை ஏஐ எழுதினதான்னு பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருந்தியே, அது தேறுமா?"

எங்கள் தெரு நூலகப் போட்டிக்காக இரண்டு வருஷமாக அதை ஓட்டுகிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஏஐ சொன்னதையே திரும்பச் சொல்லும், அதனால் கோப்பைச் சுருக்கும் gzip அதை அதிகமாகச் சுருக்கிவிடும் என்ற ஊகம்தான்.

```
wc -c < a.txt
gzip -9 -c a.txt | wc -c
```

முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் சுருக்க விகிதம். ஒரே தொடர் திரும்பத் திரும்ப வந்தால் விகிதம் ஏறும். கூடவே சொற்களின் என்ட்ரோபி: சொற்கள் திரும்ப வந்தால் அது இறங்கும். நீளம் மாறினால் இரண்டுமே மாறும் என்பதால், எல்லாக் கட்டுரையிலும் முதல் 300 சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எரிச்சல் எங்கே என்றால், தமிழில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 5 குறியீடு, 15 பைட். ஆனால் ஐந்துமே E0 என்றுதான் தொடங்கும், அடுத்த பைட் AE அல்லது AF. இந்த வெற்றுத் தொடக்கத்தை gzip ஆசையாகச் சுருக்கிவிடும். ஆங்கிலத்துக்கு வைத்த வரம்பை அப்படியே போட்டபோது, தமிழில் எழுதிய அத்தனை பேரும் ஏஐ ஆகிவிட்டார்கள்!

என்ட்ரோபி நேர் எதிர். 'மழை வந்தது, மழை நின்றது' என்றால் 1.5 பிட். 'மழை வந்தது, மழையும் நின்றது' என்றால் 2 பிட், நான்கு சொல்லுக்கு அதுதான் உச்சம். ஒரு 'உம்' ஒட்டியதும் அதற்கு மழை வேறு சொல். வேற்றுமை உருபு போட்டு எழுதும் எவரும் தப்பித்துவிடலாம்.

பைட் சிக்கலுக்கு மட்டும் வழி கிடைத்தது. ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிலிருந்தும் 0x0B00ஐக் கழித்தால் 128 முதல் 255க்குள் கச்சிதமாக உட்காருகிறது, குறியீட்டுக்கு ஒரு பைட். (வளைந்த மேற்கோள் குறிகளை முதலில் நேராக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உதைக்கும்.) இது வேலை செய்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. அந்த வருஷம் சுருக்கத்தில் முதலிடம் பிடித்தவர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர். வரிக்கு வரி 'மேற்படி', 'மேலே கண்ட'. கையால் எழுதிய நோட்டை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. சத்தமில்லாமல் தேறிய ஒரு பையனோ பரிசு வாங்கியபின் தானே சொன்னான்: "வந்த சொல்லே திரும்ப வரக்கூடாதுன்னு ஏஐகிட்ட கேட்டு வாங்கினேன் அங்கிள்." ஒரே பத்தியை இரண்டு இடத்தில் ஒட்டியவர்களை மட்டும் இது ஒருமுறைகூட விட்டதில்லை. அதற்கு ஏஐ தேவையில்லை, சோம்பல் போதும்.

மதிப்பெண்ணில் கைவைக்க இதை நம்பாதே என்று நண்பனிடம் சொன்னேன். அவன் விடவில்லை, ஃபைலை அனுப்பிவிட்டேன். இந்த வருஷம் வந்த 41 கட்டுரையும் இன்று ராத்திரி இதில்தான் ஓடப்போகிறது.