ஒலித்தட்டச்சில் எழுதிய உயில்: இரண்டரை ஆண்டு அனுபவம்

பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். தமிழ் மட்டும் பேசும் வாடிக்கையாளர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. இரண்டரை ஆண்டாக அந்தத் தமிழ் வரைவைக் கைப்பேசியில் பேசித்தான் எழுதுகிறேன். ஒரு மணி நேரம் தட்டிய வேலை இப்போது இருபது நிமிடத்தில் முடிகிறது, அதில் எனக்குக் குறையில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து உயில் எழுத வந்த பாட்டி சொன்னது இது: "அந்த வீட்டுல அரை மகளுக்கு, மிச்சம் பேரனுக்கு, தம்பி." நான் அதையே எழுத்துநடையில் பேசினேன். திரையில் "அந்த வீட்டில் அறை மகளுக்கு, மிச்சம் பேரனுக்கு" என்று விழுந்தது. பிழைதிருத்தி கோடு போடவில்லை, இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள்தானே. நம் பேச்சில் ரவும் றவும் ஒன்றாகிவிட்டதால், கருவி ஒலியைக் கொண்டு பிரிக்க முடியாமல் பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் அறைதான் அதிகம் வரும்.

வழக்கம்போல் பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "சரிதான் தம்பி" என்றார். காதுக்குச் சரியாகத்தானே இருக்கும்! இந்தப் பிழையை வாசித்துக் காட்டிப் பிடிக்கவே முடியாது. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டாலும் அதே கதைதான். மூன்று நாள் கழித்து என் ஆங்கில வரைவைப் பார்த்த வழக்கறிஞர், "எந்த ரூம்?" என்று கேட்ட பிறகுதான் நெஞ்சு பதறியது. பாதி வீட்டுக்கு உரியவளை ஒரே அறையில் அடைத்திருந்தேன்.

நல்லவேளை, கையெழுத்தாகவில்லை. உயிலில் சொத்தை எழுதிவைப்பவரும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருந்து கையெழுத்திட்ட பிறகு, ஒரு சொல்லை மாற்றினாலும் அந்தத் திருத்தத்துக்கும் அதேபோல் மூன்று கையெழுத்து வேண்டும். பாட்டி இறந்த பிறகு என்றால் அதற்கும் வழியில்லை.

ஒரே மாதிரி ஒலிக்கும் எல்லாச் சொற்களும் ஆபத்தில்லை. "இறந்தார்" எனக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. "இரந்தார்" என்று இன்று யார் எழுதுகிறார்கள்? இரண்டுமே புழக்கத்தில் உள்ளவைதான் கவிழ்க்கும். ஒரு சத்தியப்பிரமாணத்தில் "பத்திரத்தை அளித்தார்" என்பது "அழித்தார்" என்று வந்திருந்தது. கொடுத்தவர் குற்றவாளியாகிவிடுவார்.

இப்போது நான் பேசும்போதே சொல்லை மாற்றிவிடுகிறேன். அரை என்பதற்குச் "சரிபாதி", அளித்தார் என்பதற்கு "ஒப்படைத்தார்". வாடிக்கையாளரே சொன்ன சொல் அப்படியே வேண்டிய இடத்தில் மட்டும் கையால் தட்டுகிறேன். வரைவு முடிந்ததும் கணினியில் Ctrl+F போட்டு அறை, அழி இரண்டையும் தேடி, பேனாவால் எடுத்த குறிப்போடு ஒப்பிடுகிறேன். பிறகு வாசித்துக் காட்டுவதற்குப் பதில் கேள்வியாகக் கேட்கிறேன்: "மகளுக்கு எவ்வளவு பாட்டி, பேரனுக்கு எவ்வளவு?"

அந்தப் பாட்டி இரண்டு கைகளையும் சமமாகத் தூக்கிக் காட்டினார்.